நெல்வேரும் ஒரு பக்கக் கடிதமும்

முனைவர் பட்டம் முடித்தவர் இன்னோர் ஆய்வுக்குழுவில் போஸ்ட்டாக் இடத்துக்கு விண்ணப்பிக்கும்போது, தன்விவரத்துக்கு முன்னால் ஒரு பக்கக் கடிதம் வைக்கிறார். அந்தக் கடிதத்துக்கு இரண்டு வேலைகள் உண்டு. இதுவரை தான் கண்டறிந்தது என்ன என்பதை எளிய சொற்களில் சொல்ல வேண்டும். தான் வந்தால் அந்தக் குழுவுக்குப் புதிதாக என்ன கூடும் என்பதையும் சொல்ல வேண்டும். வாசிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டையும் தனித்தனியாகவே மதிப்பிடுகிறார்கள். ஆய்வுச் சுருக்கத்துக்கு ஒரு மதிப்பெண், பங்களிப்புப் பத்திக்கு இன்னொன்று என்று போகிறது கணக்கு. அது தவறான அளவுகோல் என்பது என் வாதம். சுருக்கம் நேர்மையாக அமைந்தால்தான் பங்களிப்பு தானாகப் பிறக்கும். பங்களிப்புப் பத்தி தடுமாறினால் அதன் வேர் பெரும்பாலும் சுருக்கத்தில்தான் இருக்கும்.

இதைச் சோதிக்க ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு வரிவரியாக எடைபோட வேண்டும். பிறருடைய தனிக்கடிதத்தைப் பொதுவில் வைப்பது முறையல்ல. ஆகவே நெல்வேர் ஆய்வில் பட்டம் பெற்ற ஒரு பெண், வயல்களிலிருந்து வெளியேறும் மெத்தேனை ஆராயும் குழுவுக்கு எழுதுவதாக ஒரு கடிதத்தை நானே அமைத்துக்கொள்கிறேன். ஆளும் குழுவும், கடிதத்தில் வரும் ஆய்வு முடிவுகளும் கற்பனை. அடியில் இருக்கும் அறிவியலும் கருவிகளும் உண்மையானவை.

முதல் வரைவு இப்படித் தொடங்குகிறது:

“என் முனைவர் பட்ட ஆய்வு, தேங்குநீர்ச் சூழலில் நெல்வேர்களின் ஆர ஆக்சிஜன் இழப்புக்கு எதிரான தடுப்பரண் தூண்டப்படுவதையும், புற அடுக்குகளில் சூபரின் படிவின் காலவெளிப் பாங்கையும், அவற்றின் உடலியல் விளைவுகளையும் ஒருங்கிணைந்த அணுகுமுறையில் ஆராய்ந்தது.”

இதில் பொய் ஏதுமில்லை. கலைச்சொற்கள் எல்லாம் துறையில் வழங்குபவைதாம். ஆனால் இந்த வாக்கியத்தில் ஒரு கண்டுபிடிப்பும் இல்லை. வினைச்சொல் ‘ஆராய்ந்தது’ என்பது மட்டுமே. ஆராய்ந்து என்ன தெரிந்தது? முன்பே பிறர் கண்டது எது, இவர் கண்டது எது? அளந்தவர் இவரா, குழுவில் இன்னொருவரா? எதற்கும் விடை இல்லை. கலைச்சொல் கடினமாக இருப்பதை இதன் முதற்குறையாகச் சொல்வார்கள். அதைவிடப் பெரிய குறை, பெயர்ச்சொற்களை அடுக்கினால் முடிவு இல்லாததை வாசகர் கவனிக்காமல் போய்விடக்கூடும் என்பதுதான். எளிய சொற்களில் எழுதும்போது அப்படி ஒளிந்துகொள்ள இடம் கிடைப்பதில்லை.

இரண்டாம் வரைவைப் பாருங்கள்:

“வயலில் நீர் நிற்கும்போது மண்ணுக்குள் ஆக்சிஜன் ஏறக்குறைய இருப்பதில்லை. நெல், மேலிருந்து வரும் ஆக்சிஜனைத் தன் உடலுக்குள் இருக்கும் காற்றறைகள் வழியாக வேர்நுனி வரை அனுப்புகிறது. போகும் வழியில் அதில் ஒரு பகுதி மண்ணுக்குள் கசிகிறது. நீர் தேங்கினால் வேரின் வெளியடுக்குகளில் மெழுகுத்தன்மை கொண்ட சூபரின் என்ற பொருள் படிந்து கசிவை அடைக்கிறது. நுனிப்பகுதி மட்டும் திறந்திருக்கிறது. இவ்வளவும் முன்பே தெரிந்தவை. அடைப்பு எத்தனை நாளில், வேரின் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதை நான் அளந்தேன். ஒரு ரகம் மூன்று நாளில் அடைத்துவிடுகிறது. இன்னொன்றுக்குப் பத்து நாள் ஆகிறது. விரைவாக அடைக்கும் நெல், வயலிலிருந்து வெளியேறும் மெத்தேனைக் குறைக்கும்.”

முன்னேற்றம் வெளிப்படையானது. வாசிப்பவர் மண்ணறிவியல் படித்தவராக இருந்தாலும் நுண்ணுயிரியல் படித்தவராக இருந்தாலும் இதைப் பின்தொடர முடியும். அதைவிட முக்கியம், நடுவில் இருக்கும் அந்தச் சிறிய வாக்கியம்: “இவ்வளவும் முன்பே தெரிந்தவை.” நெல்வேரின் ஆக்சிஜன் கசிவை அளக்க வேரைச் சுற்றி வைக்கும் உருளை வடிவப் பிளாட்டினம் மின்முனை, இங்கிலாந்தின் ஹல் நகரில் பணியாற்றிய வில்லியம் ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஆய்வுகள் வழியே 1960களில் துறைக்கு வந்தது. தேங்குநீரில் நெல்வேர் கசிவை அடைப்பதை மேற்கு ஆஸ்திரேலியாவின் டிமத்தி கோல்மர் போன்றவர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். இந்தத் துறையை அறிந்த குழுத்தலைவருக்கு இவை தெரியும். தெரிந்ததையும் தன்னுடையதையும் ஒரே மூச்சில் சொல்லும் கடிதத்தை அவர் நம்பமாட்டார். கோடு எங்கே விழுகிறது என்று தானே சொல்லிவிடும் கடிதத்தை அடுத்த வரிக்கும் நம்பிப் படிப்பார்.

அந்த நம்பிக்கையைக் கடைசி வாக்கியம் கெடுத்துவிடுகிறது. “வெளியேறும் மெத்தேனைக் குறைக்கும்” என்பது இவர் அளந்தது அல்ல. இவர் அளந்தது ஆக்சிஜன். மெத்தேனை இந்த ஆய்வு தொடவேயில்லை. தொட்டிருந்தாலும் விடை அவ்வளவு எளிதாக வந்திருக்காது. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் சில நுண்ணுயிரிகள் மெத்தேனை உண்டாக்குகின்றன. வேரையொட்டி வாழும் வேறு சில நுண்ணுயிரிகள், வேரிலிருந்து கசியும் ஆக்சிஜனைக் கொண்டு அந்த மெத்தேனில் ஒரு பகுதியை எரித்துவிடுகின்றன. வேர் கசிவை அடைத்தால் அவற்றுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறையும். எரியாமல் தப்பும் மெத்தேன் கூடலாம். மறுபக்கம், சேற்றின் மெத்தேன் பெரும்பகுதி வெளியேறுவது நெல்லின் காற்றறைகள் வழியாகத்தான். வேரின் வெளிச்சுவர் இறுகினால் மெத்தேன் உள்ளே நுழைவதும் தடைப்படலாம். ஒரே அடைப்பு இரண்டு எதிர்த்திசைகளில் வேலை செய்ய இடமிருக்கிறது. எது மேலோங்கும் என்பதை அளந்துதான் சொல்ல வேண்டும்.

எளிய நடையின் உண்மையான ஆபத்து இங்கே இருக்கிறது. கலைச்சொல்லைக் களையும்போது அதோடு ஒட்டியிருக்கும் நிபந்தனையும் சேர்ந்து போய்விடுகிறது. “இந்த நிலையில், இந்த வளர்ப்பு முறையில், இந்த இரண்டு ரகங்களில்” என்ற வரம்புகள் வாசிப்பைத் தடுப்பதுபோல் தோன்றுவதால் எழுதுபவர் அவற்றை நீக்குகிறார். பிறகு வெறுமையாக நிற்கும் வாக்கியத்துக்கு ஒரு பெரிய பயனை முடிவாக வைக்கத் தோன்றுகிறது. இரண்டாம் வரைவில் விடுபட்டவை மூன்று. செடிகள் மண்ணில் வளரவில்லை. சேற்றை ஒத்த நிலையை உண்டாக்க ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்தும், நைட்ரஜன் வாயுவைச் செலுத்தி ஆக்சிஜனை நீக்கிய, 0.1 விழுக்காடு அகார் கலந்த அசையாக் கரைசலில் வளர்ந்தன. சோதித்தவை இரண்டே ரகங்கள். அளந்தது வேரின் மீது, வயலில் அல்ல. இந்த மூன்றையும் எளிய சொற்களிலேயே சொல்லிவிட முடியும். திருத்திய வடிவம் இது:

“இதை மண்ணில் அல்ல, ஆக்சிஜன் நீக்கிய, அசையாத அகார்க் கரைசலில் வளர்த்த இரண்டு ரகங்களில் கண்டேன். சேற்றிலும் இப்படித்தானா என்று இன்னும் பார்க்கவில்லை. இந்த அடைப்பு வயலின் மெத்தேனைக் கூட்டுமா குறைக்குமா என்பது எனக்குத் தெரியாது. இரண்டுக்கும் காரணங்கள் உண்டு. அதை அறியத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.”

பெரிய பயனைச் சொன்ன வரி போய்விட்டது. அதனால் கடிதம் மெலிந்ததா? இல்லை, வலுத்திருக்கிறது. முந்தைய வரைவில் கேள்வி முடிந்துவிட்டது. மெத்தேன் குறையும் என்று ஏற்கெனவே தெரிந்துவிட்டால் இவர் ஏன் மெத்தேன் குழுவுக்கு வர வேண்டும்? இப்போது ஒரு கேள்வி திறந்திருக்கிறது. அதற்கு விடை காண இவரிடம் பாதிக் கருவி இருக்கிறது, அந்தக் குழுவிடம் மறுபாதி இருக்கிறது. சுருக்கத்தின் எல்லையை நேர்மையாக வரைந்ததும் பங்களிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது.

இனிப் பங்களிப்புப் பத்தி. முதல் வரைவு:

“உங்கள் குழுவின் உலகத்தரமான ஆய்வுகள் என்னை ஆழமாகக் கவர்ந்துள்ளன. கடின உழைப்பும், சேர்ந்து வேலைசெய்யும் பண்பும், பல நுட்பங்களில் தேர்ச்சியும் கொண்ட நான் உங்கள் குழுவுக்கு வலுச்சேர்ப்பேன் என்று உறுதியாக நம்புகிறேன்.”

இதற்கு ஒரு சோதனை போதும். பெறுநரின் பெயரை மாற்றிப் பாருங்கள். புற்றுநோய் ஆய்வகத்துக்கும் இது பொருந்தும், நிலநடுக்க ஆய்வகத்துக்கும் பொருந்தும். எங்கும் பொருந்தும் பத்தி எந்தக் குழுவையும் பற்றிப் பேசவில்லை. உழைப்பும் பண்பும் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவற்றுக்குச் சாட்சி சொல்ல வேண்டியவர்கள் பரிந்துரைக் கடிதம் எழுதுபவர்கள். தானே தன் பண்புக்குச் சாட்சி சொன்னால் வாசகருக்கு அதைச் சரிபார்க்க வழியில்லை.

திருத்திய வரைவு:

“நீரை விட்டுவிட்டுப் பாய்ச்சும் வயல்களில் மெத்தேன் எவ்வளவு குறைகிறது என்பதை நீங்கள் மூடுபெட்டி வைத்து அளந்திருக்கிறீர்கள். ஒரே நீர்மேலாண்மையிலும் ரகத்துக்கு ரகம் வேறுபாடு இருந்தது, அதற்கு வேர் காரணமாக இருக்கலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வேரின் ஆக்சிஜன் கசிவை நான் உருளை மின்முனையால் அளப்பேன். மின்முனையை நானே செய்துகொள்வேன். என் ஆய்வுக்கட்டுரை இரண்டிலும் இந்த அளவீடுகள் முழுவதும் நான் எடுத்தவை. சூபரின் படத்தை எடுத்தவர் குழுவின் இன்னொரு மாணவர். முதல் ஆறு மாதங்களில் உங்கள் வயல் ரகங்களைத் தொட்டிச் சேற்றில் வளர்த்து, எது விரைவாக அடைக்கிறது என்று வரிசைப்படுத்தித் தர முடியும். நீர் வடிந்து மண் காய்ந்தபின் அடைப்பு நிலைக்கிறதா என்பதை அதன்பின் பார்க்கலாம். மூடுபெட்டியும் காஸ் குரோமட்டோகிராஃபும் எனக்குப் புதியவை. அவற்றை உங்களிடம் கற்க வேண்டும்.”

இந்தப் பத்தியில் முதலில் கவனிக்க வேண்டியது, அது குழுவிடமிருந்து தொடங்குவது. மூடுபெட்டி என்பது செடிகளின்மேல் கவிழ்த்து வைக்கும் பெட்டி. குறித்த இடைவெளிகளில் ஊசிக்குழாயால் உள்ளிருக்கும் காற்றை எடுத்து, அதில் மெத்தேன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று குரோமட்டோகிராஃபில் பார்ப்பார்கள். அது வயலிலிருந்து எவ்வளவு வெளியே வருகிறது என்று சொல்லும். மண்ணுக்குள் ஏன் அவ்வளவு என்று சொல்லாது. விண்ணப்பதாரர் அந்தக் குழுவின் கட்டுரைகளில் ‘இருக்கலாம்’ என்று முடிந்த இடத்தைத் தேடிக் கண்டிருக்கிறார். தான் அளக்கத் தெரிந்ததை அந்த இடத்தில் வைத்திருக்கிறார். நீரை விட்டுவிட்டுப் பாய்ச்சும் முறையில் நீர்மட்டம் மண்பரப்புக்குக் கீழே 15 சென்டிமீட்டர் வரை இறங்க விட்டு மறுபடி நீர் பாய்ச்சுகிறார்கள். அப்படி மாறிமாறி வரும் நிலையில் வேரின் அடைப்பு என்ன ஆகும் என்ற கேள்வி, இவருடைய பழைய ஆய்விலும் இல்லை, அந்தக் குழுவின் ஆய்விலும் இல்லை. இரண்டும் சந்திக்கும்போதுதான் அது எழுகிறது. பங்களிப்பு என்ற சொல்லுக்கு இதைவிடச் சரியான பொருள் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது, “முழுவதும் நான் எடுத்தவை” என்ற வரி. பல பெயர்களோடு வரும் கட்டுரையில் யார் எதைச் செய்தார் என்பதைப் பெயர்வரிசை முழுதும் காட்டாது. இன்று பல ஆய்விதழ்கள் கருத்தாக்கம், தரவுப் பகுப்பாய்வு, எழுத்து என 14 வகைப் பங்குகளாகப் பிரித்து ஒவ்வொருவர் பணியையும் குறிக்கின்றன. கடிதம் அந்தத் துல்லியத்தைத் தானே முன்வந்து தர வேண்டும். இன்னொரு மாணவரின் பங்கைச் சொன்னதால் இவருடைய பங்கு குறையவில்லை. அது எவ்வளவு என்று தெளிவாகிவிட்டது.

கற்க வேண்டியதை ஒப்புக்கொள்ளும் கடைசி வரியைப் பலவீனம் என்று சிலர் நீக்கச் சொல்வார்கள். நான் அதை வைக்கச் சொல்வேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்க்ளோடோவ்ஸ்கா கியூரி போஸ்ட்டாக் நல்கையில் ஆய்வின் சிறப்புக்கு 50 விழுக்காடு எடை. அந்தப் பகுதியிலேயே, ஆய்வாளருக்கும் குழுவுக்கும் இடையே அறிவு இருபுறமும் பாய்கிறதா என்பதையும் மதிப்பீட்டாளர்கள் பார்க்கிறார்கள். கொடுப்பதை மட்டும் சொல்லும் கடிதம், போஸ்ட்டாக் பயிற்சிக்காலமும்கூட என்பதை மறந்துவிடுகிறது.

ஆனாலும் இந்தப் பத்தியில் ஒரு குறை மிஞ்சுகிறது. அது சிறியதல்ல. உருளை மின்முனை, தெளிந்த கரைசலில் தனியாகத் தொங்கும் வேரில் வேலை செய்வது. சேற்றில் வளர்ந்த வேரை அளக்கச் செடியைப் பிடுங்கிக் கழுவிக் கரைசலுக்கு மாற்ற வேண்டும். கழுவும்போது பக்கவேர்கள் முறிந்தால் முறிந்த இடத்தில் ஆக்சிஜன் கசிந்து அளவு பொய்யாகும். துறையறிந்த வாசகர் இந்த இடத்தில்தான் பென்சிலால் கேள்விக்குறி போடுவார். மெத்திலீன் நீலம் இதற்கு ஓரளவு உதவும். நிறம் நீக்கிய அந்தச் சாயம் கலந்த அகாரில் வேரை வைத்தால், ஆக்சிஜன் கசியும் இடமெல்லாம் நீலமாகும். முறிவால் வரும் கசிவைக் கண்ணாலேயே கண்டு அந்த வேரை ஒதுக்கலாம். சாயம் இடத்தைக் காட்டும், அளவைச் சொல்லாது. அளவுக்கு மின்முனையே வேண்டும். “கழுவிய வேர்களை முதலில் மெத்திலீன் நீலத்தில் சோதித்து, முறிவில்லாதவற்றை மட்டும் அளப்பேன்” என்று ஒரு வரி சேர்த்திருந்தால், அந்தக் கேள்வி எழுமுன்பே விடை கிடைத்திருக்கும். ஆறு மாத வாக்குறுதியும் அப்போதுதான் நம்பத்தக்கதாகும்.

புதிதாக வருபவர் ஒரு குழுவுக்குக் கொண்டுவருவது என்ன என்பதற்கு அறிவியல் வரலாற்றில் ரோசலிண்ட் ஃபிராங்க்ளினைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு குறைவு. பாரிஸில் நிலக்கரி, கார்பன் வகைகளை எக்ஸ்ரே கொண்டு ஆராய்ந்தவர், மூன்றாண்டு நல்கையோடு 1951 ஜனவரியில் லண்டன் கிங்ஸ் கல்லூரிக்கு வந்தார். அங்கே டிஎன்ஏ இழைகள் இருந்தன, எக்ஸ்ரே படங்களும் எடுக்கப்பட்டிருந்தன. அவர் கூட்டியது, இழையைச் சுற்றியுள்ள ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் கண்டிப்பான முறை. அதனால்தான் காய்ந்த, ஈரமான என்று டிஎன்ஏவின் இரண்டு வடிவங்கள் தெளிவாகப் பிரிந்து தெரிந்தன. அதே வரலாறு இன்னொன்றையும் காட்டுகிறது. அவர் முதலில் விண்ணப்பித்தது கரைசலில் உள்ள புரதங்களைப் படிக்க. வருமுன்பே, 1950 டிசம்பரில், துறைத்தலைவர் ஜான் ராண்டல் அவரை டிஎன்ஏவுக்கு மாற்றிக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்பது, டிஎன்ஏவில் ஏற்கெனவே ஈடுபட்டிருந்த மாரிஸ் வில்கின்ஸுக்குத் தெரியாது. வந்தவர் தனியாகப் பொறுப்பேற்கிறாரா, வில்கின்ஸுக்குத் துணையாக வருகிறாரா என்பதில் இருவரும் வேறுவேறாகப் புரிந்துகொண்டார்கள். அந்த உறவு பிறகு சீராகவேயில்லை. எதைக் கொண்டுவருகிறோம் என்பதோடு, அது குழுவில் யாருடைய வேலையோடு சேர்கிறது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். நம் கடிதத்தில் அது இல்லை. மூடுபெட்டி அளவீட்டை இப்போது செய்பவரின் வேலைக்குத் தன் வேலை எப்படித் துணையாகும் என்று ஒரு வரியாவது வேண்டும்.

இப்படி எடைபோடுவதற்கு இரண்டு மறுப்புகள் வரும். படிப்பவர் துறை வல்லுநர், அவருக்கு எதற்கு எளிய சொற்கள் என்பது ஒன்று. குழுத்தலைவர் வல்லுநர்தான். ஆனால் மெத்தேன் வல்லுநர் வேர்த்திசு வல்லுநர் அல்லர். வேறொரு குழுவிலிருந்து புதிய திறனைக் கொண்டுவருபவர் எழுதும் கடிதம் எப்போதும் பக்கத்துத் துறைக்காரருக்கே எழுதப்படுகிறது. புதிதாக ஒன்றைக் கூட்டுகிறேன் என்று சொல்பவர், அந்தப் புதியதை வாசகர் அறியமாட்டார் என்பதையும் ஒப்புக்கொண்டாக வேண்டும். இந்த மறுப்பு நிற்காது.

கடிதத்தைவிடக் கட்டுரைகளும் பரிந்துரைகளும்தான் முடிவு செய்கின்றன என்பது இன்னொன்று. இதில் உண்மை இருக்கிறது. நல்ல கடிதம் மெலிந்த ஆய்வை ஈடுகட்டாது, ஈடுகட்டவும் கூடாது. ஆனால் கட்டுரை கடந்ததைச் சொல்லும், பரிந்துரை ஆளைச் சொல்லும். இந்த ஆளின் கடந்த ஆய்வும் இந்தக் குழுவின் அடுத்த கேள்வியும் எங்கே சேர்கின்றன என்பதைச் சொல்லும் இடம் கடிதம் ஒன்றுதான். ஆகவே இந்த மறுப்பு கடிதத்தின் எல்லையைக் குறிக்கிறது, அதன் தேவையை மறுக்கவில்லை.

தீர்ப்புக்கு வருகிறேன். முதல் வரைவை நிராகரிக்கிறேன். அதில் கண்டுபிடிப்பும் இல்லை, குழுவும் இல்லை. இரண்டாம் வரைவின் சுருக்கம் நன்கு எழுதப்பட்டது, ஆனால் மெத்தேன் வாக்கியம் ஒன்றுக்காகவே அதை ஏற்க மாட்டேன். அளக்காததை அளந்ததுபோல் சொல்வது நடைப்பிழை அல்ல, ஆய்வுப்பிழை. அதைச் சொன்னவரின் மற்ற எண்களையும் ஐயப்பட வேண்டியிருக்கும். திருத்திய கடிதம் நேர்காணலுக்கு அழைக்கத் தகுதியானது. கழுவிய வேரின் சிக்கலைச் சொல்லும் வரியும், குழுவில் யாரோடு சேர்ந்து வேலை செய்வார் என்ற வரியும் சேர்ந்தால் அதில் குறை காண எனக்கு இடமிருக்காது. அது இவ்வளவு தேறியது அழகாக எழுதப்பட்டதால் அல்ல. “எனக்குத் தெரியாது” என்ற வரியைச் சுருக்கத்தில் வைத்ததால், அந்தக் குழுவிடம் கேட்பதற்கும் அதற்குக் கொடுப்பதற்கும் கடிதத்தில் இடம் பிறந்தது.